பிரமாதம்

தருமபுரி மாவட்டத்தின் ஒகேனக்கல்லைத் தாண்டினால் கர்நாடகம்; ஆந்திர எல்லையும் அதிகத் தொலைவில் இல்லை. இப்பகுதிக்கு நான்கு மொழிகளில் மின் எச்சரிக்கைப் பலகை எழுதினால் தமிழில் ‘அபாயம்’, கன்னடத்தில் ‘அபாய’, ஆங்கிலத்தில் ‘டேஞ்சர்’ என்று வரும். தெலுங்கு வரியை எழுத்துக்கூட்டிப் படிப்பவர்தான் திடுக்கிடுவார்: ‘பிரமாதம்’!

சமஸ்கிருதத்தில் ‘பிரமாத’ என்றால் கவனக்குறைவு. கன்னடத்தில் அது பெரும் பிழையைக் குறிக்கிறது. தெலுங்கில் கவனக்குறைவின் விளைவான விபத்துக்கும் ஆபத்துக்கும் பெயராயிற்று. தமிழிலும் பழைய பொருள் தவறு, ஆபத்து என்பவையே. பிறகு ‘மிகப் பெரியது’ என்று விரிந்தது, ‘இதென்ன பிரமாதம்?’ என்று நாம் கேட்பதில் அது இன்னும் இருக்கிறது. அங்கிருந்து ‘மிகச் சிறப்பு’ என்றாகிவிட்டது.

ஆகவே, ஒலி ஒத்துப்போவதை நம்பி மொழிபெயர்க்கக் கூடாது. ‘அபாய’ கைகொடுக்கும், ‘பிரமாதம்’ காலைவாரும். வரிகள் முரண்பட்டால் எதை நம்புவது? 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 35ஆம் விதி இந்தி அல்லது ஆங்கிலத்தோடு, மாவட்டத்தின் வட்டார மொழியையும் மண்டையோட்டுப் படத்தையும் கேட்டது. தருமபுரியில் அந்த மொழி தமிழ். எனவே தமிழ் வரியை மூலமாகக் கொண்டு, மற்றவற்றை அந்தந்த மொழிக்காரரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். எம்மொழியும் தெரியாதவருக்கு மண்டையோடே போதும்.