வெள்ளைப் பால் பழுப்பாகும் வழி

பசுவின் மடியில், பால் சுரக்கும் செல்லுக்குள், ஒரு குளுக்கோஸும் ஒரு கேலக்டோஸும் இணைந்து லாக்டோஸ் என்ற சர்க்கரை பிறக்கிறது. அந்தச் சர்க்கரை ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவின் இளம்பழுப்பு வரை போகும் வழியைப் பின்தொடர்ந்து பார்த்தால், உணவு அறிவியல் மாணவர்கள் பலருக்கும் குழப்பம் தரும் மெயிலார்ட் வினை நன்றாகப் பிடிபடும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த இனிப்பில் சேருவது பாலும் சீனியும்தான். சாயமோ எசென்ஸோ கிடையாது. நிறமும் மணமும் அடுப்பின் மேலேயே உண்டாகின்றன.

ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 47 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. அதன் கேலக்டோஸ் பகுதி இணைப்பில் மாட்டிக்கொண்டிருக்கிறது. குளுக்கோஸ் பகுதியின் வளையம் மட்டும் அவ்வப்போது திறந்து மூடும். திறந்திருக்கும் அந்தச் சிறுபொழுதில் வெளிப்படும் ஆல்டிஹைடு முனைதான் வினைக்குப் போகும் கை. இத்தகைய முனை உள்ளவற்றை ஒடுக்கும் சர்க்கரை என்கிறோம்.

எதிர்த்தரப்பு அமினோ அமிலம். பாலில் தனியாக மிதக்கும் அமினோ அமிலங்கள் சொற்பம். ஏறக்குறைய எல்லாமே புரதச் சங்கிலிக்குள் கோக்கப்பட்டிருக்கின்றன. பசும்பாலின் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின். அமினோ அமிலம் சங்கிலியில் சேரும்போது அதன் அமினோ தொகுதி பிணைப்பில் செலவாகிவிடுகிறது. லைசினுக்கு மட்டும் பக்கவாட்டில் இன்னொரு அமினோ தொகுதி நீட்டிக்கொண்டிருக்கும். லாக்டோஸ் பிடிப்பது பெரும்பாலும் அதைத்தான். ஆகவே பால்கோவாவைப் பற்றி எழுதும்போது “சர்க்கரையும் அமினோ அமிலமும்” என்று நிறுத்திவிடாமல், லாக்டோஸும் கேசினில் உள்ள லைசினும் என்று எழுதுங்கள். விடை அப்போதுதான் குறிப்பாக இருக்கும்.

பால் கொதிக்கத் தொடங்குகிறது. சூடு 100 டிகிரியை ஒட்டி நிற்கிறது. நீர் நிறைய இருக்கும்வரை அதற்கு மேல் ஏறாது. கண்ணுக்கு எதுவும் தெரியாத இந்தக் கட்டத்திலேயே வினை தொடங்கிவிடுகிறது. லாக்டோஸின் திறந்த முனை லைசினோடு சேர்ந்து ஒரு நீர் மூலக்கூறை வெளியேற்றுகிறது. பிறகு அணுக்கள் இடம் மாறி அமடோரி சேர்மம் என்ற நிலையான வடிவம் வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆனால் அந்த லைசினை இனி நம் குடல் பிரித்தெடுத்துப் பயன்படுத்த முடியாது. லைசின் உடலால் உண்டாக்க முடியாத அமினோ அமிலம். ஆக, பால் இன்னும் வெள்ளையாக இருக்கும்போதே சத்தில் கொஞ்சம் போய்விடுகிறது. நிறத்தை மட்டும் பார்த்து வினையின் தொடக்கத்தைக் கணக்கிடுவது தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

நீர் வற்றி, பால் கால் பங்காகிறது என்று வைத்துக்கொள்வோம். லாக்டோஸின் செறிவும் நான்கு மடங்கு, புரதத்தின் செறிவும் நான்கு மடங்கு. இரண்டும் சந்திக்கும் வாய்ப்பு, எளிய கணக்கின்படி, பதினாறு மடங்காகிறது. பால் சுண்டச் சுண்ட நிறம் திடீரென்று ஏறுவது போலத் தோன்றுவதற்கு முதல் காரணம் இது. இரண்டாவது காரணம் இரும்புச் சட்டியின் அடிப்பரப்பு. அங்கே ஒட்டும் மெல்லிய பால் ஏட்டில் நீர் போய்விடுவதால் அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டிவிடும். பத்து டிகிரி ஏறினால் வினையின் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். துடுப்பால் விடாமல் சுரண்டிக் கிளறும் மாஸ்டர், அடியில் பழுத்த ஏட்டை எடுத்து மேலே உள்ள கலவையில் சேர்த்துக்கொண்டே இருக்கிறார். பால்கோவாவின் நிறத்தில் பெரும்பங்கு இந்தக் கிளறலிலிருந்து வருவதாகவே நான் கருதுகிறேன். கை ஓய்ந்தால் அதே ஏடு கரிந்து, கசப்பும் தீய்ந்த வாடையும் பால் முழுவதற்கும் பரவிவிடும்.

பால் சுண்டும் இந்தக் கட்டத்தில் அமடோரி சேர்மம் உடைகிறது. உடைந்த துண்டுகள் பிற அமினோ அமிலங்களோடு மோதி, சிறிய ஆல்டிஹைடுகளைப் பறக்கவிடுகின்றன. லியூசினிலிருந்து முளைத்தானிய மணம், மெத்தியோனினிலிருந்து வேகவைத்த உருளைக்கிழங்கின் மணம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசனை உண்டு. ஸ்ட்ரெக்கர் சிதைவு என்று பாடத்தில் வருவது இதுதான். மிஞ்சிய துண்டுகள் ஒன்றோடொன்று கோத்துப் பெரிய பழுப்பு மூலக்கூறுகளாகின்றன. அவற்றின் பெயர் மெலனாய்டின்.

லூயி கமீல் மெயிலார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவ வேதியியலாளர் 1912-ல் குளுக்கோஸையும் கிளைசினையும் நீரில் சூடாக்கி, கரைசல் பழுப்பாவதையும் கரியமில வாயு வெளியேறுவதையும் அறிவித்தார். சிதறிக் கிடந்த கண்டுபிடிப்புகளைக் கட்டம் கட்டமாக ஒழுங்குபடுத்தியவர் அமெரிக்க வேதியியலாளர் ஜான் ஹாட்ஜ், 1953-ல். இன்று வகுப்பில் வரையப்படுவது அவருடைய வரைபடத்தின் வழித்தோன்றல்தான்.

பால்கோவாவில் சீனியும் சேர்கிறதே, அது பழுப்புக்கு உதவாதா? நேரடியாக உதவாது. சீனி என்ற சுக்ரோஸில் குளுக்கோஸும் பிரக்டோஸும் தங்கள் வினைமுனைகளாலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன; திறக்க வளையம் மிச்சமில்லை. புளிப்பு சேர்ந்து சூடானால் அந்தப் பிணைப்பு உடையும். அப்போது விடுபட்ட இரண்டும் வினைக்குள் வரும். வெல்லத்தில் இப்படி உடைந்த சர்க்கரைகள் முன்பே இருப்பதால், வெல்லம் சேர்ந்த பால் இனிப்பின் பழுப்பு முழுவதையும் வெல்லத்தின் சொந்த நிறத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது மெயிலார்ட் வினையையும் கேரமலாக்கலையும் பிரிப்பதில்தான். கேரமலாக்கலுக்குப் புரதம் வேண்டாம், சர்க்கரை தனியாகவே உடைகிறது. ஆனால் சுக்ரோஸுக்கு அது சுமார் 160 டிகிரிக்கு மேல்தான் வேகமெடுக்கும். வீட்டு அடுப்பிலேயே இதைச் சோதிக்கலாம். ஒரு பாத்திரத்தில் 250 மில்லி பால், இன்னொன்றில் அதே அளவு நீரில் 30 கிராம் சீனி. இரண்டையும் சிறுதீயில் சுண்டவிட்டு, வெப்பமானி 110 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால், சீனிப்பாகு தெளிவாகவே இருக்கும், பால் மட்டும் நிறம் மாறும். அந்தச் சூட்டில் சீனி தானாகப் பழுக்காது என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும்.

மூன்றாவதாக, இன்னொரு 250 மில்லி பாலில் சிட்டிகை சமையல் சோடா சேர்த்து அதே தீயில் வையுங்கள். இது முதல் பாத்திரத்தை முந்திக்கொண்டு பழுக்கும். பாலின் பிஎச் சுமார் 6.7. அந்த அளவில் லைசினின் அமினோ தொகுதிகளில் பெரும்பாலானவை ஒரு புரோட்டானைச் சுமந்துகொண்டிருக்கின்றன. சுமப்பவை லாக்டோஸைப் பிடிக்காது. சோடா புரோட்டானை அகற்றி அவற்றை விடுவிக்கிறது. புளிக்கத் தொடங்கிய பாலைச் சோடா போட்டுச் சரிக்கட்டி விற்றால், அதைச் சுண்டக் காய்ச்சும்போது நேரத்துக்கு முன்பே நிறம் ஏறக்கூடியதும் இதே காரணத்தால்தான். நிறத்தைப் பார்த்தே அதை உறுதிசெய்ய முடியாது, தீயின் அளவும் நிறத்தை மாற்றும். சந்தேகம் எழுந்தால் பிஎச் அளந்து பார்க்க வேண்டும்.

அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் வினை நிற்பதில்லை, வேகம்தான் குறைகிறது. நீர் நிறைய இருந்தால் மூலக்கூறுகள் சிதறிக் கிடக்கும். அறவே இல்லையென்றால் நகர முடியாது. இடைப்பட்ட ஈரத்தில்தான் வினை வேகமாக நடக்கும். பால்கோவா அந்த ஈரத்தை ஒட்டியே இருக்கிறது, ஆனால் சில நாட்களில் தின்று தீர்ந்துவிடும். மாதக்கணக்கில் கிடங்கில் இருக்கும் பால் பவுடருக்குத்தான் ஆபத்து. மூட்டைக்குள் ஈரக்காற்று புகுந்து கிடங்கும் சூடாக இருந்தால், தீயே இல்லாமல் பவுடர் மங்கிய மஞ்சளாகி, பழைய பசை வாடை வீசி, நீரில் கரையாமல் திரியும்.