பூச்சிக்கொல்லி தெளிப்போருக்கு ஏற்படும் தொண்டை எரிச்சலும் இருமலும்

பூச்சிக்கொல்லி தெளிப்பில் ஈடுபடும் வேளாண் தொழிலாளர்களுக்கு, தெளிக்கும்போதோ தெளித்த சில மணி நேரத்திலோ தொண்டையில் எரிச்சல், கரகரப்பு, வறட்டு இருமல், மூக்கில் நீர் வடிதல் ஆகியவை தோன்றுவதுண்டு. சிற்றூர்களில் இதனை "மருந்து நெடி ஏறிவிட்டது" என்பர். பலரும் இதை வேலையின் இயல்பான பகுதியாகவே கருதுகின்றனர். மருத்துவ நோக்கில் இவ்வறிகுறி இருவகைப்படும். ஒன்று, தொண்டையின் மெல்லிய தோல் நேரடியாக அரிக்கப்படுவதால் வருவது. இது சில மணி நேரத்தில் அடங்கிவிடும். மற்றொன்று, நச்சு உடலுக்குள் ஏறியதன் தொடக்கமாக வருவது. இது உயிருக்கு ஆபத்தானது. தொடக்கத்தில் இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

தொண்டை எரிவதன் காரணம்

முதுகில் சுமக்கும் கைத்தெளிப்பானிலிருந்து வெளிவரும் துளிகளில் பெரும்பகுதி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிடப் பெரியவை. இத்தகைய துளியை மூச்சுடன் உள்ளிழுத்தால் அது நுரையீரல் வரை செல்வதில்லை. மூக்கிலும் தொண்டையின் பின்சுவரிலும் மோதிப் படிந்துவிடுகிறது. எனவே முதலில் எரிவது தொண்டை. நுரையீரலின் ஆழத்துக்குச் செல்ல, துளி அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் சிறியதாக இருக்கவேண்டும். அழுத்தம் மிகுந்த விசைத்தெளிப்பான்கள் இத்தகைய நுண்துளிகளைக் கூடுதலாக உண்டாக்குகின்றன. நண்பகல் வெயிலில் பெரிய துளிகளும் நீர் ஆவியாகிச் சிறுத்துவிடுகின்றன.

எரிச்சலை உண்டாக்குவது எப்போதும் பூச்சிக்கொல்லி வேதிப்பொருளாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. புட்டியில் "ஈ.சி." எனக் குறிக்கப்பட்ட, நீரில் ஊற்றியதும் பால்போல் வெளுக்கும் மருந்துகள் சைலீன் போன்ற பெட்ரோலியக் கரைப்பான்களில் கரைக்கப்பட்டவை. மூக்கைத் துளைக்கும் நெடியும் தொண்டைக் காந்தலும் பெரும்பாலும் இக்கரைப்பான்களால் வருபவை. சைபர்மெத்ரின் முதலிய பைரித்திராய்டு மருந்துகள் தாமே தும்மலையும் இருமலையும் தூண்டுவதோடு, முகத்தில் ஊசி குத்துவது போன்ற உணர்வையும் தரும். களைக்கொல்லியான பாராகுவாட்டின் தூறல் மூக்கில் இரத்தம் கசியும் அளவுக்குப் புண்ணாக்கவல்லது.

நெடியின் கடுமையைக் கொண்டு நச்சின் அளவைக் கணிக்க இயலாது. நெடி குறைந்த மருந்து ஒன்று மிகக் கொடிய நச்சாக இருக்கக்கூடும். இந்தியாவில் விற்கப்படும் புட்டிகளில் உள்ள சாய்சதுரக் குறியின் கீழ்ப்பாதி நிறமே இதற்கு நம்பத்தக்க அடையாளம். சிவப்பு மிகக் கொடியதையும், அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை ஆகியவை படிப்படியாகக் குறையும் நச்சுத்தன்மையையும் குறிக்கின்றன. பச்சையும் நச்சே.

நச்சு உடலில் ஏறும் வழி

தெளிப்போரின் உடலில் சேரும் நச்சில் பெரும்பங்கு மூச்சின் வழியாக அன்றித் தோலின் வழியாகவே நுழைகிறது. ஆகவே இருமல் வருவதைக் கண்டு முகத்தை மட்டும் மூடிக்கொள்பவர், சிறிய வாயிலை அடைத்துப் பெரிய வாயிலைத் திறந்து வைத்தவர் ஆகிறார். தொண்டை எரிச்சல் உணர்த்துவது, தெளிப்பவர் தூறல் மேகத்துக்குள் நிற்கிறார் என்பதை. தொண்டையில் படிந்த அதே மேகம் கழுத்திலும் முன்கையிலும் வேட்டியிலும் படிந்துகொண்டிருக்கிறது. அங்கு எரிச்சல் இல்லாததால் தெரிவதில்லை.

ஓர் ஏக்கர் பருத்திக்கு 200 லிட்டர் கலவை தெளிப்பதாகக் கொள்வோம். 16 லிட்டர் கொள்ளும் தெளிப்பானை ஏறத்தாழ 13 முறை நிரப்பவேண்டும். லிட்டருக்கு 2 மில்லி மருந்து என்றால் ஒரு நிரப்புக்கு 32 மில்லி. தெளிப்பானின் மூடி சரியாகப் பொருந்தாமல், நிரப்பு ஒன்றுக்கு 50 மில்லி கலவை முதுகில் வழிவதாக வைத்துக்கொள்வோம். நாள் முடிவில் 650 மில்லி கலவை முதுகை நனைத்திருக்கும். சட்டை முழுதும் ஈரம். ஆனால் அதில் உள்ள மருந்து 1.3 மில்லிதான். மாறாக, மருந்தை ஊற்றும்போது ஒரே ஒருமுறை தேக்கரண்டி அளவு, அதாவது 5 மில்லி, கையில் சிந்தினால் அது நாள் முழுதும் முதுகில் வழிந்ததைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. இவ்வாறு சிந்துவதற்கு ஒரு நாளில் 13 வாய்ப்புகள் உள்ளன. தெளிக்கும்போது அணியாவிட்டாலும் கலக்கும்போதாவது கையுறை அணியுமாறு பயிற்சியாளர்கள் வற்புறுத்துவது இதனாலேயே. பலர் இதற்கு நேர்மாறாகக் கலக்கும்போது வெறுங்கையுடன் குச்சிகூட இல்லாமல் கலக்கிவிட்டு, தெளிக்கும்போது துண்டைக் கட்டிக்கொள்கின்றனர்.

வாய் வழியாக நுழைவதும் உண்டு. தெளிப்பான் முனை அடைத்துக்கொண்டால் அதை வாயில் வைத்து ஊதுவது பரவலான பழக்கம். கரைப்பான் கலந்த ஒரு துளி மூச்சுக்குழலில் இறங்கினாலே நுரையீரல் அழற்சி ஏற்படலாம். உதிரி முனை ஒன்றைக் கையில் வைத்திருப்பதும், அடைத்ததை நீரிலிட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்ப்பதும் இதற்கு மாற்று. கை கழுவாமல் பீடி பிடிப்பதும் வெற்றிலை போடுவதும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

எச்சரிக்கை அறிகுறிகள்

ஆர்கனோபாஸ்பேட்டு, கார்பமேட்டு ஆகிய இரு வகை மருந்துகளும் உடலில் அசிட்டைல்கோலினெசுட்டரேசு என்னும் நொதியை முடக்குகின்றன. நரம்பின் கட்டளையை முடித்துவைப்பது இந்நொதியின் வேலை. அது முடங்கினால் சுரப்பிகள் சுரப்பதை நிறுத்துவதில்லை. தசைகள் துடிப்பதை நிறுத்துவதில்லை. எனவே நச்சேற்றத்தின் அடையாளம் "ஈரம்" எனலாம். வாயில் எச்சில் ஊறுதல், கண்ணில் நீர், மிகுந்த வியர்வை, குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

வறட்டு இருமல் சளி இருமலாக மாறுவதும், மார்பு இறுகி மூச்சில் இரைச்சல் கேட்பதும் இங்கு மிக முக்கியமானவை. தொண்டை எரிச்சலாகத் தொடங்கியது நுரையீரலுக்குள் நீர் சுரக்கும் நிலைக்கு வந்துவிட்டது என்பதை அவை காட்டுகின்றன. கண்பாவை ஊசிமுனைபோல் சுருங்குவதும், பார்வை மங்குவதும், கண்ணிமையிலும் கெண்டைக்காலிலும் தசை தானே துடிப்பதும் ஐயத்தைத் தீர்த்துவிடும்.

வெயிலில் வேலை செய்பவரிடம் இதை வெப்பச் சோர்விலிருந்து பிரித்தறிவது எளிதன்று. தலைவலி, மயக்கம், குமட்டல், வியர்வை ஆகியவை இரண்டிலும் உண்டு. வெப்பச் சோர்வில் வாய் உலர்ந்திருக்கும்; கண்பாவை சுருங்கியிராது. நச்சேற்றத்தில் வாயில் எச்சில் வழியும். சளிக்காய்ச்சலோடு குழப்பிக்கொள்வோர் இருமலின் நாட்களைக் கவனிக்கலாம். தெளித்த நாள் மாலையில் தொடங்கி, வேலையில்லாத நாட்களில் குறைந்து, மறுதெளிப்பில் திரும்பும் இருமலுக்குக் காரணம் பெரும்பாலும் மருந்தே.

அறிகுறிகள் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் தோன்றுகின்றன. தேறிவிட்டதாகத் தோன்றிய சிலருக்கு 1 முதல் 4 நாட்களுக்குள் கழுத்தைத் தூக்க இயலாத தளர்ச்சியும், அதைத் தொடர்ந்து மூச்சுத்தசை முடக்கமும் வருவதுண்டு. மருத்துவமனையில் வைத்துக் கவனிக்கப்படும் நாட்கள் நீள்வதற்கு இதுவே காரணம்.

யவத்மாள், 2017

மகாராட்டிர மாநிலத்தின் யவத்மாள் மாவட்டத்தில் 2017-ஆம் ஆண்டுப் பருத்திப் பருவத்தில் பூச்சிக்கொல்லி தெளித்த நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பலர் கூலிக்குத் தெளித்த தொழிலாளர்கள். வாந்தி, பார்வைக் குறைவு, மூச்சுத்திணறல் ஆகியவற்றுடன் அவர்கள் வந்தனர்.

அவ்வாண்டு பருத்திச் செடிகள் வழக்கத்தைவிட உயரமாக வளர்ந்திருந்தன. செடி இடுப்பளவு இருக்கும்போது முனை கீழ்நோக்கி இருக்கும். தலையளவு வளர்ந்தபின் முனையை மேலே உயர்த்தவேண்டும், தூறல் தெளிப்பவரின் முகத்திலேயே விழும். தெளிப்பவர் முன்னோக்கி நடப்பதால், தான் நனைத்த இலைகளுக்குள்ளேயே நுழைகிறார். பூச்சித் தாக்குதல் மிகுந்ததால் தெளிப்புகளின் எண்ணிக்கை கூடியது. இரண்டு மூன்று மருந்துகள் ஒன்றாகக் கலக்கப்பட்டன. நுண்துளிகளை வீசும் மின்கலத் தெளிப்பான்களும் பயன்பட்டன. இவற்றுள் ஏதேனும் ஒன்றை மட்டும் காரணமாகச் சுட்டுவது பொருந்தாது. பின்னர் மாநில அரசு புரோபெனோபாஸ்–சைபர்மெத்ரின் கலவை, மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஐந்து மருந்துகளின் விற்பனையைத் தற்காலிகமாகத் தடைசெய்தது.

காப்புப் பழக்கங்கள்

காற்று தெளிப்பவரின் முதுகிலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வீசவேண்டும். தெளித்த வரிசையை விட்டு விலகி, தெளிக்காத பக்கமாக நகரவேண்டும். காற்றே அசையாத விடியற்காலை ஏற்றது என்பது தவறான எண்ணம்; அப்போது நுண்துளிகள் கலையாமல் பயிரின் மேலேயே மிதக்கும். பனி உலர்ந்தபின், இளங்காற்று வீசும் காலை நேரமே தக்கது. தலைக்கு மேல் வளர்ந்த பயிரில் முதுகுத் தெளிப்பானைப் பயன்படுத்தாதிருப்பது யவத்மாளிலிருந்து பெறப்படும் நேரடிப் பாடம்.

முகத்தில் கட்டும் துண்டு பெரிய துளிகளை ஓரளவு தடுக்கும். ஆனால் நனைந்தபின் அதுவே மருந்தில் தோய்த்த பற்றாக வாயோடு ஒட்டிக்கொள்கிறது. என்95 வகை முகமூடி துளிகளையும் தூளையும் தடுக்கும். கரைப்பானின் ஆவியைத் தடுக்காது. ஆவிக்குக் கரி நிரப்பிய வடிகுடுவை பொருத்திய அரைமுக மூடி வேண்டும். அதை அணிந்திருந்தும் நெடி தெரிந்தால், குடுவை தீர்ந்துவிட்டது அல்லது மூடி முகத்தோடு பொருந்தவில்லை என்று பொருள். தாடி இருந்தால் எம்மூடியும் பொருந்தாது.

கையுறை நைட்ரைல் போன்ற செயற்கை இரப்பரால் ஆனதாக இருக்கவேண்டும். துணியும் தோலும் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். முனையை உயர்த்தித் தெளிக்கும்போது கையில் வழிவது உள்ளே இறங்காதிருக்கச் சட்டைக்கையின் மேல் கையுறையை இழுத்துவிடவேண்டும். தாழ்த்தித் தெளிக்கும்போது சட்டைக்கை மேலே இருக்கவேண்டும். வேலை முடிந்தபின் கையுறையைக் கழற்றுவதற்கு முன்பே அதன் வெளிப்புறத்தைக் கழுவவேண்டும். முழு உடற்காப்பு உடை நம் வெயிலில் ஒரு மணி நேரம் தாங்குவதே அரிது. அதை மட்டும் பரிந்துரைக்கும் துண்டறிக்கைகள் பின்பற்றப்படாததற்கு இதுவே காரணம். முழுக்கைச் சட்டை, நீண்ட காற்சட்டை, கால்மூடும் காலணி, முதுகில் ஒரு நெகிழித்தாள் ஆகியவை நடைமுறைக்கு ஏற்றவை. அவ்வுடையைத் தனியே துவைக்கவேண்டும்.

முதலுதவி

இருமலுடன் மேற்கூறிய ஈர அறிகுறிகளில் ஒன்று சேர்ந்தாலும் வேலையை நிறுத்திவிட்டு வயலை விட்டு வெளியேறவேண்டும். உடைகளைக் களைந்து, தலை முதல் கால் வரை சோப்பிட்டு நீரால் கழுவவேண்டும். கழுவிவிடுபவரும் கையுறை அணியவேண்டும். பால், மோர், புளிக்கரைசல் ஆகியவை இந்நச்சை முறிப்பதில்லை. வாந்தி எடுக்கச் செய்தால் கரைப்பான் நுரையீரலுக்குள் புகும் அபாயம் உண்டு. மருந்துப் புட்டியை அல்லது அதன் சீட்டைத் தவறாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். ஆர்கனோபாஸ்பேட்டு நச்சுக்கு அட்ரோப்பின் ஊசி, நுரையீரலில் சுரக்கும் நீர் வற்றும் வரை திரும்பத் திரும்பச் செலுத்தப்படுகிறது. பைரித்திராய்டு, பாராகுவாட்டு ஆகியவற்றுக்கு முறிமருந்து இல்லை.