பூட்ஸ்ட்ராப் வலைப்பக்கக் கூறுகளின் வரலாறு

வலைப்பக்கக் கூறு என்பது பக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பகுதியை ஒருமுறை வடிவமைத்து வைத்து, பின்னர் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றிப் பல இடங்களில் பயன்படுத்தும் அலகு ஆகும். படம், தலைப்பு, சில வரிகள் ஆகியவற்றைக் கொண்ட பெட்டி அட்டை எனப்படுகிறது. பக்கத்தின் மேற்பகுதியில் அகலமாக நின்று முதன்மைச் செய்தியைச் சொல்வது பதாகை. பயன்படுத்தியவர் ஒருவரின் கருத்தை அவரது பெயருடன் தருவது நற்சான்றுத் தொகுதி.

ஒரு பக்கத்தை இவ்வாறு பிரிக்கும்போது எழும் முதன்மையான கேள்வி, எது தனிக் கூறாக இருக்க வேண்டும் என்பதே. பூட்ஸ்ட்ராப் என்னும் திறமூலக் கருவித்தொகுப்பில் 2011 முதல் 2021 வரை இக்கேள்விக்கான விடை பலமுறை மாறியது.

## பின்னணி

வலைப்பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சி.எஸ்.எஸ். விதிகள் தொடக்கத்தில் பெரும்பாலும் இடத்தைச் சார்ந்தே எழுதப்பட்டன. பக்கப்பட்டியில் உள்ள தலைப்புக்கு ஒரு விதி, அடிப்பகுதியில் உள்ள தலைப்புக்கு வேறொரு விதி என்று அமையும். பக்கப்பட்டிப் பெட்டியை நடுப்பகுதிக்கு நகர்த்தினால் அதன் தோற்றம் மாறிவிடும். அதைச் சரிசெய்ய மேலும் ஒரு விதி தேவைப்படும். இப்படியே கோப்பு வளர்ந்துகொண்டே போகும்.

இதற்கு மாற்றாக நிக்கோல் சல்லிவன் 2009இல் 'பொருள்நோக்கு சி.எஸ்.எஸ்.' என்ற அணுகுமுறையை முன்வைத்தார். பெட்டியின் கட்டமைப்பை அதன் நிறம், ஓரம் போன்ற அலங்காரத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்பது அதன் முதல் கொள்கை. உள்ளடக்கம் தான் இருக்கும் இடத்தைச் சார்ந்திருக்கக் கூடாது என்பது இரண்டாவது. ஒரு பக்கம் படமும் அதன் அருகே உரையும் கொண்ட அமைப்பை அவர் 2010இல் 'ஊடகப் பொருள்' என்ற பெயரில் விளக்கினார். சமூக வலைத்தளங்களில் ஒவ்வொரு பதிவும் ஏறத்தாழ இதே அமைப்பில் இருப்பதால், அதை ஒரே கூறாக எழுதினால் நூற்றுக்கணக்கான வரிகள் மிச்சமாகும் என்பது அவரது வாதம்.

## தோற்றம்

டுவிட்டர் நிறுவனத்தில் உள்ளகக் கருவிகளை உருவாக்கியவர்கள் தத்தமக்குப் பழக்கமான நிரல் நூலகங்களைப் பயன்படுத்தி வந்தனர். இதனால் ஒரு கருவியின் தோற்றம் மற்றொன்றோடு பொருந்தவில்லை, பராமரிப்பும் கடினமாயிற்று. இந்நிலையில் மார்க் ஓட்டோ, ஜேக்கப் தோர்ன்டன் ஆகியோர் பொதுவான தொகுப்பு ஒன்றை உருவாக்கினர். முதலில் 'டுவிட்டர் புளூபிரிண்ட்' என்று அழைக்கப்பட்ட அது, 2011 ஆகத்து 19 அன்று பூட்ஸ்ட்ராப் என்ற பெயரில் திறமூலமாக வெளியிடப்பட்டது.

## மூன்று பெட்டிகள் ஒன்றானமை

2013இல் வெளிவந்த 3ஆம் பதிப்பில் பெட்டி போன்ற கூறுகள் மூன்று இருந்தன. `panel` தலைப்பகுதி, உடல், அடிப்பகுதி ஆகியவற்றைக் கொண்டது. `thumbnail` படமும் அதன் கீழ் விளக்கமும் கொண்டது. `well` சற்றே உள்ளமிழ்ந்தது போன்ற சாம்பல் நிறப் பெட்டி.

ஒரு நூலகத்தின் பக்கத்தில் ஆறு நிகழ்ச்சி அறிவிப்புகள் இடம்பெறுவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் மேலே படம், நடுவில் விவரம், கீழே தேதிக்கான பட்டை வேண்டும். `thumbnail` எடுத்தால் படம் வரும், அடிப்பட்டை வராது. `panel` எடுத்தால் அடிப்பட்டை வரும், படத்துக்கென்று இடம் இராது. எனவே பக்கத்தை உருவாக்குபவர் தாமே புதிய விதிகளை எழுத வேண்டியிருந்தது. ஒரே தோற்றத்துக்காகக் கூறுகளைப் பயன்படுத்துவதன் நோக்கம் அங்கேயே பழுதுபட்டது.

2018 சனவரியில் வெளிவந்த 4ஆம் பதிப்பு இம்மூன்றையும் நீக்கி, `card` என்ற ஒரே கூறைக் கொண்டுவந்தது. படம், தலைப்பகுதி, உடல், அடிப்பகுதி ஆகிய அனைத்தும் அதன் உறுப்புகள். வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை விட்டுவிடலாம். அட்டைக்கெனக் குறித்த அகலம் எதுவும் இல்லை. தன்னைத் தாங்கும் கட்டத்தின் அகலத்தை அது எடுத்துக்கொள்ளும். அதனால் அதே அட்டை பக்கப்பட்டியிலும் நடுப்பகுதியிலும் பொருந்தியது.

வரிசை குலையும் சிக்கலும் இப்பதிப்பில் தீர்ந்தது. 3ஆம் பதிப்பின் கட்டங்கள் `float` முறையில் இடப்பக்கம் ஒதுக்கப்பட்டவை. வரிசைக்கு மூன்றாக ஆறு பெட்டிகளை வைக்கும்போது முதல் பெட்டி மற்றவற்றைவிட உயரமாக இருந்தால், நான்காவது பெட்டி இடது ஓரத்துக்கு வராமல் முதல் பெட்டியில் தட்டி, இரண்டாவதன் கீழ் நின்றுவிடும். 4ஆம் பதிப்பு `flexbox` முறைக்கு மாறியதால் ஒவ்வொரு வரிசையும் ஒழுங்காக அமைந்தது. எனினும் கட்டங்கள் சம உயரம் பெற்றாலும் உள்ளிருக்கும் அட்டைகள் தாமாக நீள்வதில்லை. அட்டைகளின் கீழ் ஓரங்கள் மேலும் கீழுமாகத் தெரிந்தால் `h-100` என்ற வகுப்பு விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

## பதாகையின் மறைவு

2ஆம் பதிப்பில் பதாகைக்கு `hero-unit` என்று பெயர். 3ஆம் பதிப்பில் அது `jumbotron` ஆயிற்று. 2021 மே மாதம் வெளிவந்த 5ஆம் பதிப்பில் அக்கூறு முழுவதுமாக நீக்கப்பட்டது.

பதாகையை ஆராய்ந்தால் அதில் உள்ளிட இடைவெளி, பின்னணி நிறம், வளைந்த மூலை ஆகியவை மட்டுமே இருந்தன. அட்டையைப் போன்ற உறுப்புகள் இல்லை. அதற்குள் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியான பயன்பாட்டு வகுப்புகள் தொகுப்பில் வந்துவிட்டன. எனவே `p-5 mb-4 bg-light rounded-3` என்று எழுதினாலே ஏறத்தாழ அதே தோற்றம் கிடைத்தது. ஊடகப் பொருளும் இதே காரணத்தால் 5ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது.

இம்மாற்றம் பழைய பக்கங்களைப் பாதித்தது. `jumbotron` என்று எழுதிய பக்கத்தில் 5ஆம் பதிப்பை இணைத்தால் பிழைச்செய்தி எதுவும் வராது. அறியாத வகுப்புப் பெயரை உலாவி பொருட்படுத்தாது விட்டுவிடும். பின்னணி நிறமும் இடைவெளியும் மறைந்து, எழுத்துகள் மட்டும் வெறுமையாக நிற்கும். ஆகவே பதிப்பை மாற்றியபின் ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்துச் சரிபார்ப்பது நல்லது.

## நற்சான்றுத் தொகுதி

நற்சான்றுக்கெனப் பூட்ஸ்ட்ராப் தனிக் கூறு எதையும் வழங்கவில்லை. மேற்கோளுக்கான கூறை அட்டைக்குள் வைத்தாலே அது உருவாகிவிடும். 4ஆம் பதிப்பில் அது பின்வருமாறு அமையும்.

```html
<div class="card h-100">
  <div class="card-body">
    <blockquote class="blockquote mb-0">
      <p>வாசகர் கருத்து</p>
      <footer class="blockquote-footer">பெயர்</footer>
    </blockquote>
  </div>
</div>
```

இங்கு பெட்டியின் ஓரம், உள்ளிடைவெளி ஆகியவற்றை அட்டை கவனித்துக்கொள்கிறது. எழுத்தின் அளவையும் பெயருக்கு முன் வரும் கோட்டையும் மேற்கோள் கூறு கவனித்துக்கொள்கிறது. பெயர் மேற்கோளின் பகுதி அன்று என்பதால், எச்.டி.எம்.எல். விதிப்படி அது `blockquote` குறிக்கு வெளியே இருக்க வேண்டும். 5ஆம் பதிப்பின் ஆவணம் இதற்கேற்பத் திருத்தப்பட்டது: `figure` குறிக்குள் மேற்கோளும், அதை அடுத்து `figcaption` குறியில் பெயரும் வைக்கப்படுகின்றன.

மூன்றில் அட்டை மட்டுமே 5ஆம் பதிப்பிலும் தனிக் கூறாக நீடிக்கிறது. அதன் உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்தவை: மேலே படம் வந்தால் அதன் மேல் மூலைகளும் அட்டையோடு வளைய வேண்டும், அடிப்பட்டை வந்தால் உடலுக்கும் அதற்கும் இடையே கோடு வேண்டும். இத்தகைய உள்தொடர்புகளைச் சில பயன்பாட்டு வகுப்புகளை அடுக்கி எளிதில் பெற முடிவதில்லை.