சிம் அட்டையும் கைத்தொலைபேசிப் பணப்பையும்: அடையாளச் சரிபார்ப்பு முறை மாறிய வரலாறு

குச்சவெளியில் பழைய சிம் அட்டையை மாற்றியபின் பணப்பைச் செயலிக்குள் நுழைய முடியாமல் போவதையும், சரிபார்ப்புக் குறுஞ்செய்தி வராமலே இருப்பதையும் பலர் வலையமைப்பின் கோளாறு என்றே கொள்கின்றனர். பணம் வைத்திருப்பவரும் இலக்கத்தை வழங்குபவரும் இரு வேறு நிறுவனங்களாகப் பிரிந்ததே இதன் வேர் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இரண்டும் ஒரே கையில் இருந்த காலம்

2007 மார்ச்சில் கென்யாவில் தொடங்கிய எம்-பெசா என்ற கைத்தொலைபேசிப் பணச் சேவை, சிம் அட்டையிலுள்ள பட்டியல் வழியே இயங்கியது. இலங்கை மத்திய வங்கி 2011இல் கைத்தொலைபேசிக் கொடுப்பனவுகளுக்கு இரு வழிகாட்டல்களை வெளியிட்டது. ஒன்று வங்கிகள் நடத்தும் சேவைக்கானது. மற்றது, வாடிக்கையாளரின் பணத்தை வங்கியிலுள்ள பொறுப்புக் கணக்கில் வைத்துத் தொலைபேசி நிறுவனமே சேவையை நடத்த இடமளித்தது. இந்த இரண்டாம் வழியில் 2012இல் டயலொக்கின் ஈசி கேஷ் வந்தது. திறன்பேசி இல்லாதவரும் #111# அழைத்துப் பணம் அனுப்பலாம்.

இம்முறையில் சிம்மையும் பணப்பையையும் நிர்வகித்தது ஒரே நிறுவனம். அட்டை தொலைந்தால் அடையாள அட்டையைக் காட்டி அதே இலக்கத்தில் புதிய சிம் வாங்குவார்கள். பணப்பை இலக்கத்தோடு இணைந்திருந்ததால் இரகசிய எண்ணைக் கொண்டு தொடரலாம். இடையில் குறுஞ்செய்திச் சோதனை தேவைப்படவில்லை.

செயலிகள் வந்தபின்

திறன்பேசிச் செயலிகள் பெருகியபோது இந்த ஒற்றைப் பொறுப்பு உடைந்தது. 2017இல் லங்காகிளியர் அறிமுகப்படுத்திய ஜஸ்ட்பே, வங்கிக் கணக்கை வேறு நிறுவனத்தின் செயலியோடு இணைக்க வழிசெய்தது. செயலி ஒருவரிடம், கணக்கு வேறொருவரிடம், இலக்கம் மூன்றாமவரிடம். இம்மூவரையும் இணைக்கும் பாலமாக ஒருமுறைக் கடவுச்சொல் தாங்கிய குறுஞ்செய்தியே எஞ்சியது.

ஆனால் குறுஞ்செய்தி இதற்காக உருவானதல்ல. புதிய சிம்மில் இலக்கம் பழையதே ஆனாலும், வலையமைப்பு சந்தாதாரரை அறிவது அட்டைக்குள் இருக்கும் வேறோர் அடையாள எண்ணால்தான். அந்த எண் மாறியதை வைத்து, ‘யாரோ இவருடைய இலக்கத்தைக் களவாடியிருக்கலாம்’ என்று சில சேவைகள் சந்தேகிக்கும். பிறர் பெயரில் மாற்று சிம் வாங்கிக் கடவுச்சொல்லைத் தட்டிச்செல்லும் மோசடி உலகெங்கும் நடப்பதால் அச்சந்தேகம் நியாயமே. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017இல் குறுஞ்செய்திச் சரிபார்ப்பைக் கட்டுப்பாட்டுக்குரிய முறையாக வகைப்படுத்தியது. இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2022இல், சிம் மாற்றியபின் 24 மணிநேரம் குறுஞ்செய்திகளை நிறுத்திவைக்கப் பணித்தது. அங்கே செய்தி வராதது பழுதல்ல, வேண்டுமென்றே போட்ட தடை.

இந்தியாவின் யுபிஐ இன்னொரு படி சென்றது. அதில் பதிவின்போது கைபேசியே பதிவான சிம்மிலிருந்து வங்கிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். சிம் மாறினால் அந்தப் பிணைப்பு அறுந்து, மீண்டும் பதிய வேண்டியிருக்கும். புதிய சிம்மில் குறுஞ்செய்தி அனுப்ப இருப்பு இல்லாவிட்டாலோ, இரு சிம் கைபேசியில் தவறான சிம் தெரிவாகியிருந்தாலோ பதிவு நிறைவேறாது.

குச்சவெளியில் வைத்துப் பார்த்தால்

கடலில் கைபேசியைத் தவறவிட்ட ஒரு மீனவரை எடுத்துக்கொள்வோம். திருகோணமலை நகரம் 30 கிலோமீற்றருக்கு மேல் தொலைவு. அலைச்சலைத் தவிர்க்க, பழைய இலக்கத்தை மீட்காமல் கடையில் கிடைத்த புதிய இலக்கத்தை வாங்கிச் செயலியைத் திறக்கிறார். செயலியோ கடவுச்சொல்லைப் பழைய இலக்கத்துக்கே அனுப்புகிறது. திரையில் தெரியும் கடைசி இலக்கங்களைப் பார்த்தாலே இது புலப்படும். இந்நிலையில் வலையமைப்பில் பழுது தேடுவது வீண். பழைய இலக்கத்தை மீட்பதோ, வங்கியில் பதிவை மாற்றுவதோதான் வழி.

இலக்கம் அதுவே, சிம் மட்டும் புதிது என்றால் சோதனை வேறு. நண்பரொருவரைச் சாதாரணக் குறுஞ்செய்தி அனுப்பச் சொல்ல வேண்டும். அதுவும் வராவிட்டால் சிம் முழுமையாகச் செயற்படவில்லை அல்லது தடை நிலவுகிறது. தொலைபேசி நிறுவனத்திடம் கேட்க வேண்டும். அது வந்து கடவுச்சொல் மட்டும் வராவிட்டால், முதலில் கைபேசியின் தடுக்கப்பட்ட செய்திகளைப் பார்க்க வேண்டும். அங்கும் இல்லையேல் செயலி நிறுவனத்திடமோ வங்கியிடமோ செல்ல வேண்டும். ‘மீண்டும் அனுப்பு’ என்பதை அடுத்தடுத்து அழுத்தலாகாது. புதிய கடவுச்சொல் பிறந்ததும் பழையது பெரும்பாலும் செல்லாது போகும். முயற்சிகள் மிகுந்தால் கணக்கே பூட்டப்படலாம்.

முடிவு

பாதுகாப்புக்காகத் தடை போடுவதில் குறையில்லை. தடை போட்டவர் யார் என்பதை வாடிக்கையாளரிடம் எவரும் சொல்லாததே குறை. ‘சிம் மாற்றம் அறியப்பட்டதால் செய்தி நிறுத்தப்பட்டுள்ளது’ என்ற ஒரு வரியைச் செயலி காட்ட வேண்டும். குறுஞ்செய்தியை நம்பாமல், தேசிய அடையாள அட்டையைக் கொண்டு அருகிலுள்ள வங்கிக் கிளையிலேயே கணக்கை மீட்கும் வழியும் திறந்திருக்க வேண்டும். பயனாளர் தம் பங்குக்குச் செய்யக்கூடியது ஒன்றுண்டு: இலக்கத்தை மாற்றுவதாயின், பழைய சிம் இயங்கும்போதே செயலியிலும் வங்கியிலும் புதிய இலக்கத்தைப் பதிந்துவிடுங்கள்.