தாகம் தீராத சுவர்

ஒரு சுவரைத் தாகத்தால் கொல்ல முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால், அவர் என்னைப் போலக் கதை எழுதிப் பிழைக்கிறவர் என்று நினைத்திருப்பேன். ஆனால் அதைச் சொன்னவர் ஒரு மேஸ்திரி. கொல்லப்பட்டது என் வீட்டுச் சுவர். கொன்றவன் நான்.

நல்ல சித்திரை மாதம். தோட்டத்துப் பக்கம் மதில் எழுப்பி, சிமெண்டுப் பூச்சும் பூசி முடிந்தது. மேஸ்திரி ஊர்த் திருவிழாவுக்குக் கிளம்பும்போது, "காலையிலயும் சாயந்தரமும் மறக்காம தண்ணி விடுங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார். தலையை ஆட்டினேனே தவிர, மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன். ஈரமான சுவர் காய வேண்டும், காய்ந்தால்தானே கெட்டிப்படும்? அதன்மேல் மேலும் தண்ணீரைக் கொட்டுவானேன்? அதுவும், லாரித் தண்ணீரை விலை கொடுத்து வாங்கும் நாளில்! நான்கு நாள் சுவரை வெயிலின் பொறுப்பில் விட்டேன். வெயிலும் தன் கடமையைக் குறைவின்றிச் செய்தது.

ஐந்தாம் நாள் மேஸ்திரி வந்தார். ஒன்றும் பேசாமல் உள்ளங்கையால் சுவரைத் தடவினார். கை முழுதும் சாம்பல் நிறப் பொடி. சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்து ஒரு கோடு கீறினார். பனையோலையில் எழுத்தாணி இறங்குவது போலச் சாவி இறங்கிற்று. "தாகத்துலயே சாகடிச்சுட்டீங்களே ஐயா" என்றார்.

கல்லூரியில் இரண்டு வருஷம் ரசாயனம் படித்த எனக்கு அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. அதன் பிறகுதான் சுண்ணாம்பும் சிமெண்டும் கல்லாகிற கதையைத் தேடிப் படித்தேன். தேடிப் போனவனைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் இங்கிலாந்துக் கடலின் நடுவிலுள்ள ஒரு பாறை.

பிளிமத் துறைமுகத்துக்குத் தென்மேற்கே சுமார் 14 மைல் தூரத்தில் எடிஸ்டோன் என்ற பாறைக் கூட்டம் இருக்கிறது. கப்பல்களுக்கு எமன். அங்கே எழுப்பிய முதல் கலங்கரை விளக்கத்தை 1703-ஆம் வருஷத்துப் பெரும் புயல், கட்டியவரோடு சேர்த்து விழுங்கிவிட்டது. அடுத்து வந்த மர விளக்கம் 1755 டிசம்பரில் தீப்பற்றி எரிந்தது. மூன்றாவதைக் கட்டும் பொறுப்பு 1756-இல் ஜான் ஸ்மீட்டன் என்பவரிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டுக்கு மேல் இல்லை.

கல்லால் கட்டுவது என்று அவர் தீர்மானித்தார். ஆனால் கல்லைக் கல்லோடு எதை வைத்து ஒட்டுவது? அந்தக் காலத்தில் இருந்தது சுண்ணாம்புக் காரை. அதன் சங்கடத்தைப் புரிந்துகொள்ள, சுண்ணாம்பின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் இட்டுச் சுட்டால், அதற்குள் அடைபட்டிருந்த கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கி நீற்றுச் சுண்ணாம்பாகிறது. மணலோடு சேர்த்துக் குழைத்துச் சுவரில் வைத்தால், இழந்துபோன கரியமில வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு பழையபடி கல்லாகிறது. பிறந்த வீட்டை விட்டுப் போன பெண் பல வருஷம் கழித்துப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வருவது போல. சுண்ணாம்புக் கல்லில் அடைபட்டுக் கிடக்கும் இந்த வாயுவைப் பற்றி ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் என்பவர் ஆராய்ந்து வெளியிட்டதும் அதே 1756-ஆம் வருஷம்தான்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. காற்றிலிருக்கும் வாயு சுண்ணாம்போடு நேராகக் கை குலுக்காது. காரையின் நுண்துளைகளில் படிந்திருக்கும் மெல்லிய ஈரத்தில் கரைந்த பிறகே சேரும். ஆகையால் காரை எலும்பாகக் காய்ந்துவிட்டால், எதிரே காற்று இருந்தும் பயனில்லை, வேலை நின்றுவிடும். மாறாக, முழுக்கத் தண்ணீரில் மூழ்கினாலும் துளைகளெல்லாம் அடைபட்டு வாயு உள்ளே புக வழியில்லாமல் போகும். சுண்ணாம்புக்கு வேண்டியது வெள்ளமல்ல, வறட்சியுமல்ல, ஈரக்கசிவு. அதனால்தான் பழைய கொத்தனார்கள் காரைச் சுவரை நனைப்பதும், மெதுவாக ஆறவிடுவதும், மீண்டும் நனைப்பதுமாக வாரக் கணக்கில் காத்திருந்தார்கள். தடித்த சுவரின் நடுவயிற்றில் காரை பல வருஷம் இளசாகவே இருப்பதும் வாயு அவ்வளவு ஆழம் போய்ச் சேராததால்தான்.

வேளைக்கு வேளை அலை வந்து மோதும் எடிஸ்டோனில் இந்தச் சுண்ணாம்பு என்ன செய்யும்? கல்லாவதற்குள் கரைந்து ஓடிவிடும். ஸ்மீட்டன் சோதனையில் இறங்கினார். பல ஊர்ச் சுண்ணாம்புகளை வரவழைத்து, குழைத்து, சிறு உருண்டைகளாகப் பிடித்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். 'கடினமான கல்லைச் சுட்டால் கடினமான காரை கிடைக்கும்' என்பது அந்நாளைய கொத்தர்களின் வேதவாக்கு. மிருதுவான சாக்குக்கட்டிக் கல்லின் சுண்ணாம்பும் பளிங்குபோன்ற கல்லின் சுண்ணாம்பும் ஒன்றுபோலவே நடந்துகொண்டதைப் பார்த்ததும் அந்த வேதவாக்கு பொய்த்தது. ஆனால் வேல்ஸ் நாட்டில் அபர்தா என்ற கடற்கரை ஊரின் சுண்ணாம்பு மட்டும் தண்ணீருக்கு அடியிலேயே கெட்டிப்பட்டது!

ஏன்? பிளிமத்தில் மருந்துக் கடை வைத்திருந்த ரசாயனப் புலவர் வில்லியம் குக்வொர்த்தி வழி சொல்லிக்கொடுத்தார். கல்லைத் திராவகத்தில் கரைத்தார்கள். மற்றக் கற்கள் ஏறக்குறைய முழுக்கக் கரைந்துவிட, அபர்தாக் கல் மட்டும் அடியில் கொஞ்சம் களிமண்ணை விட்டுச் சென்றது. அந்த வண்டலை உருட்டிக் காயவைத்துச் சுட்டார்கள். நல்ல செங்கல்லாக வந்தது! ரகசியம் சுண்ணாம்பிலே இல்லை. அதோடு கலந்திருந்த களிமண்ணில் இருந்தது.

ஸ்மீட்டன் அபர்தாச் சுண்ணாம்போடு, இத்தாலியிலிருந்து வந்த எரிமலைச் சாம்பலைச் சரிக்குச் சரி கலந்துகொண்டார். 1757 ஜூனில் முதல் கல் வைத்தார். ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்படி செதுக்கிய கிட்டத்தட்ட 1,500 கற்கள். 1759 அக்டோபர் 16-ஆம் தேதி விளக்கு எரிந்தது.

களிமண்ணைச் சுடும்போதும் எரிமலைச் சாம்பலிலும் கிடைக்கும் மணற்சத்து, சுண்ணாம்போடும் தண்ணீரோடும் நேராகக் கூடிக்கொள்கிறது. காற்றின் தயவு வேண்டியதில்லை. நம் பக்கத்தில் செங்கல்லை இடித்துச் சேர்த்த சுர்க்கியும் இந்த வம்சந்தான். 1895-இல் முடிந்த பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டியதே.

பிறகு 1824-இல் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின், சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் தாமே சேர்த்துச் சுட்டு, 'போர்ட்லண்டு சிமெண்ட்' என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் சூட்டை இன்னும் ஏற்றினார்கள். இன்று சுமார் 1,450 டிகிரி சென்டிகிரேடில், பாதி உருகிக் கட்டிதட்டும் வரை சுட்டு, அதை மாவாக அரைக்கிறார்கள். அந்த மாவுதான் மூட்டையில் வருகிறது.

அதில் தண்ணீர் பட்டதும் என்ன நடக்கிறது? ஒவ்வொரு துகளும் தண்ணீரைத் தனக்குள் சேர்த்துக்கொண்டு, மேலெல்லாம் நுண்ணிய இழைகளும் பசையுமாக வளர்கிறது. பக்கத்துத் துகளின் இழையோடு அது பின்னிக்கொள்கிறது. சில மணி நேரத்தில் கலவை உறைந்துவிடும், கரண்டிக்கு இணங்காது. அதைப் பார்த்து வேலை முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அப்போதுதான் தொடங்குகிறது. உறைவது வேறு, இறுகுவது வேறு. உறைய ஒரு பகல் போதும். இறுகுவது வாரங்களும் மாதங்களும் நடக்கும்.

இப்போது என் மதிலுக்கு வருவோம். சிமெண்ட் காய்வதால் கெட்டிப்படுவதில்லை, குடிப்பதால் கெட்டிப்படுகிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் வெயிலில் பறந்துவிட்டால், பாதி குடித்த துகள் அப்படியே நின்றுவிடுகிறது. நுண்துளைகளுக்குள் ஈரப்பதம் நூற்றுக்கு எண்பதுக்குக் கீழே இறங்கினாலே வேலை ஏறக்குறைய நின்றுபோகும். பூச்சு மெல்லியது. வெளியே வெயிலும் காற்றும். உள்ளே, நனைக்காமல் வைத்த செங்கல். இருபுறமும் உறிஞ்சினால் பாவம், நடுவில் இருப்பது என்ன செய்யும்? பொடியாக உதிர்ந்தது பிழைக்காமல் போன சிமெண்ட். பிறகு நனைத்தால் கொஞ்சம் தேறும்; போன பலம் முழுதும் திரும்பாது.

"அப்படியானால் குழைக்கும்போதே நிறையத் தண்ணீர் விட்டுவிட்டால் என்ன?" என்று மேஸ்திரியைக் கேட்டேன். அவர் சிரித்தார். அது இன்னொரு வகைக் கொலையாம். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் அளவு தண்ணீரே கான்கிரீட்டுக்குப் போதும். கூடுதலாக விட்டால் துகள்கள் எட்ட எட்ட நின்று, தண்ணீர் இருந்த இடமெல்லாம் பின்னால் ஓட்டையாகிவிடும். ஆக, உறையும் முன் தண்ணீர் பகை. உறைந்த பின் அதே தண்ணீர் உறவு.

எத்தனை நாள்? சாதாரண சிமெண்டுக் கான்கிரீட்டுக்கு ஏழு நாளாவது வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. வெப்பமும் வறட்சியுமான இடத்தில் பத்து நாள். இன்று கடையில் பெரும்பாலும் கிடைக்கும் மூட்டையில் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்திருக்கிறது. ஸ்மீட்டனின் எரிமலைச் சாம்பலுக்குத் தம்பி முறை. அது நிதானமாக வேலை செய்கிறது. ஆகவே அதற்கும் பத்து நாளுக்குக் குறையக்கூடாது, பதினான்கு நாள் உத்தமம். தளமானால் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கலாம். தூணுக்கும் சுவருக்கும் சாக்கைச் சுற்றி, அது உலராமல் நனைக்க வேண்டும். காலையில் குளிப்பாட்டிப் பகலெல்லாம் காயவிடுவது அரை வைத்தியம்.

மேஸ்திரி என் பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்தார். செங்கல்லை நன்றாக நனைத்து, மறுபடி பூசினார். இம்முறை பதினான்கு நாள் நானே சாக்கை நனைத்தேன். பதினைந்தாம் நாள் அவர் அதே சாவியால் கீறினார். சாவிதான் தேய்ந்தது.

எடிஸ்டோன் விளக்கம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நூற்றிருபது வருஷத்துக்குப் பின் அதைக் கழற்ற வேண்டி வந்தது. கட்டடத்தில் குற்றமில்லை, அதைத் தாங்கிய பாறையைக் கடல் அரித்துவிட்டது. மேல் பகுதியைக் கொண்டுவந்து பிளிமத் கரையில் நிறுத்தியிருக்கிறார்கள். அடிப்பகுதி இன்றும் அந்தப் பாறைமேல், அலை நடுவே, நனைந்தபடி நிற்கிறது.