புள்ளி போனதும் சுழி வந்ததும்

சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தின் பொங்கல் விழா மேடையில் ஒரு சிறுமி அறிவிப்பொன்றைப் படித்தாள். தலைநகரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்க இன்னும் தேறவில்லை. ஆதலின் அவள் தந்தையார் அறிவிப்பினை ஆங்கில எழுத்துகளில் பெயர்த்தெழுதிக் கொடுத்திருந்தார். 'பொதுக்குழு' என்று எழுதியிருந்ததை அவள் 'போதுக்குழு' என்று வாசித்தாள். அடுத்து, வழக்கமான விளையாட்டுகளுள் ஒன்றாகிய 'யானைக்குப் பொட்டு வைத்தல்' என்பது, 'யானைக்குப் பாட்டு வைத்தல்' என்பதுபோல் ஒலித்தது. அவையில் சிரிப்பு எழுந்தது. சிறுமி முகம் சிவந்து இறங்கிவிட்டாள். அதன்பின் இரண்டாண்டுகள் அவள் மேடையேற இசையவில்லை.

சிரித்தவர்களுள் நானும் ஒருவன். வீடு திரும்பிய பின்னர்தான் ஓர் ஐயம் தோன்றிற்று. ஒரே ஒகரத்தை அக்குழந்தை இருவேறு வகையாகப் பிழைபடச் சொன்னது ஏன்? ஒருமுறை ஓகாரமாக நீண்டது. மறுமுறை ஆகாரத்தின் பக்கம் சாய்ந்தது. இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தபோது, அது தமிழ் எழுத்தின் வரலாற்றில் ஒரு பழைய சிக்கலுக்கே என்னை அழைத்துச் சென்றது.

வடமொழியில் ஏகாரமும் ஓகாரமும் நெடிலாக மட்டுமே உண்டு. அவற்றிற்குக் குறில் இல்லை. இந்தியும் அந்நெறியையே பெரிதும் பின்பற்றுகிறது. தமிழிலோ எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வெவ்வேறு எழுத்துகள். ஒன்றன் இடத்தில் மற்றொன்று வரின் பொருளே மாறும். எது வேறு, ஏது வேறு. கொடி வேறு, கோடி வேறு. ஆயினும் பண்டு நாம் மேற்கொண்ட எழுத்துமுறை பிராகிருத மொழிகளை எழுதிவந்த பிராமியின் வழிப்பட்டது. அதில் எகரத்துக்கு ஒரு வடிவமும் ஒகரத்துக்கு ஒரு வடிவமுமே இருந்தன. நான்கு ஒலிகள், இரண்டு வடிவங்கள், இதுவே சிக்கல்.

இதற்கு நம் முன்னோர் கண்ட தீர்வு புள்ளி. மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுவது போலவே எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளியிட வேண்டும் எனத் தொல்காப்பியம் விதித்தது. பிற்கால நன்னூலும் அதனை வழிமொழிந்தது. புள்ளி பெற்ற எகரம் குறில். புள்ளி பெறாதது நெடில். இன்று நாம் 'எ' என்று எழுதும் அதே வடிவம், புள்ளியின்றி நின்றால் அன்று ஏகாரமாகும். கொம்பு பெற்ற உயிர்மெய்க்கும் இதுவே முறை.

விதி தெளிவானதுதான். ஆனால் ஓலையில் எழுத்தாணி கொண்டு குத்தி வைக்கும் புள்ளி ஏட்டைத் துளைத்துவிடும் என்ற அச்சம் ஒருபுறம். விரைந்து எழுதும் பழக்கம் மறுபுறம். ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். அது போகவே, கொடியும் கோடியும் ஏட்டில் ஒரே தோற்றம் கொண்டன.

அவ்வாறாயின் படித்தவர்கள் எங்ஙனம் வேறுபடுத்தினர்? செய்யுளாயின் யாப்பு துணைநின்றது. 'கொடி' என்பதில் இரு குறில்கள் இணைந்து நிரையசை ஒன்றாகும். 'கோடி' என்பதில் நெடிலும் குறிலும் தனித்தனியே நின்று நேரசை இரண்டாகும். தவறாகப் படித்தால் சீர் மாறித் தளை தட்டும். ஓசையே பிழையைக் காட்டிக்கொடுக்கும். உரைநடையில் இத்துணை இல்லை. ஓர் ஓலைக் கடிதத்தில் 'கெடு வந்தது' என்றிருப்பதாகக் கொள்வோம். கடனுக்குக் குறித்த கெடு வந்ததா, குடும்பத்துக்குக் கேடு வந்ததா? ஏட்டில் இரண்டும் ஒன்றே. முன்பின் உள்ள செய்தியைக் கொண்டும், தம் செவியில் ஊறிய மொழியைக் கொண்டுமே படிப்பவர் துணிய வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏடுகளிலிருந்து நூல்களைப் பதிப்பித்த பெருமக்கள் பட்ட பாடுகளுள் இதுவும் ஒன்று.

இந்நிலையை மாற்றியவர் இத்தாலி நாட்டிலிருந்து வந்த வீரமாமுனிவர். 1680இல் பிறந்து 1747இல் மறைந்த அவர், 1730இல் இயற்றிய தொன்னூல் விளக்கத்தில் இதற்கு வழி கூறினார். குறிலுக்குப் புள்ளியிட்டு நெடிலை வெறுமனே விடும் பழைய முறையைத் தலைகீழாக்கினார். குறில் வெறுமனே நிற்க, நெடில் அடையாளம் பெற்றது. எகரத்தின் கீழே கோடு நீண்டு ஏகாரமாயிற்று. ஒகரத்தின் அடியில் சுழி தோன்றி ஓகாரமாயிற்று. ஒற்றைக் கொம்பு மேலே சுழிந்து இரட்டைச் சுழிக் கொம்பாயிற்று. புள்ளி ஓலையைத் துளைக்கும். சுழியோ எழுத்தாணி எடுக்காமலே எழுதப்படும் வளைவு. பின்னர் அச்சு பரவியபோது அம்முறையே நிலைபெற்றது.

அயல்மொழியாளர் ஒருவருக்கு இக்குறை பெரிதாகத் தோன்றியதில் வியப்பில்லை. தாய்மொழியாளருக்கு விடுபட்ட புள்ளியைச் செவி நிரப்பிவிடும்; அயலாருக்கு அச்செவி இல்லை. அவருக்கு எழுத்தே முழுச் செய்தியையும் சொல்லியாக வேண்டும்.

இனி ஒலியின் இயல்பைக் காண்போம். தொல்காப்பியர் உயிரெழுத்துகளின் பிறப்பைக் கூறுமிடத்தில் எகரத்தையும் ஏகாரத்தையும் ஒரே முயற்சியில் பிறப்பனவாக ஓரினத்தில் வைத்தார். ஒகர ஓகாரங்களை இதழ் குவிந்து பிறப்பன என மற்றோரினத்தில் சேர்த்தார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. வேறுபாடு காலத்தில்தான், வாயின் அமைப்பில் இல்லை. இன்றைய கருவிகள் கொண்டு நுணுகி அளந்தால் குறிலில் வாய் சற்றே தளர்ந்திருப்பது தெரியும். ஆயினும் தமிழ்ச் செவி அதனைப் பொருட்படுத்துவதில்லை. அது எண்ணுவது நீளத்தையே.

ஆங்கிலம் இவ்வாறன்று. அங்கே குறிலும் நெடிலும் போலத் தோன்றுவன நீளத்தில் மட்டுமல்லாது ஒலியின் தன்மையிலேயே வேறுபடுகின்றன. 'கேக்' என்னும் சொல்லை இலண்டன் வழக்கில் சொல்பவரின் நா, தொடங்கிய இடத்தில் நில்லாது இகரத்தை நோக்கி உயர்கிறது. 'கோ' என்று 'போ' என்னும் பொருளில் சொல்லும்போது இதழ்கள் முடிவில் உகரத்தை நோக்கி மேலும் குவிகின்றன. கண்ணாடி முன் நின்று தமிழில் 'கோ' என்று நீட்டிச் சொல்லிப் பாருங்கள். தொடக்கத்தில் குவிந்த இதழ் முடியும்வரை அப்படியே நிற்கும்.

இதுவும் ஆங்கிலத்தில் என்றும் இருந்ததன்று. வீரமாமுனிவர் காலத்து ஆங்கிலேயர் 'நேம்', 'ஸ்டோன்' ஆகிய சொற்களில் நம்மைப் போலவே அசையாத நெடில்களை ஒலித்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியே இந்நகர்வு தோன்றிப் பின்னர்ப் பரவியது. ஸ்காத்லாந்து மக்கள் பலர் இன்றும் பழைய ஒலியைக் காக்கின்றனர். இந்தியராகிய நாமும் ஆங்கிலம் பேசுகையில் பெரும்பாலும் அசையாத நெடிலையே வைக்கிறோம். ஆகவே நெடில்களால் நம் பிள்ளைகளுக்குத் தொல்லை மிகுதியில்லை.

தொல்லை குறிலில்தான், அதிலும் ஒகரத்தில். ஆங்கில எகரம் நம்முடையதைவிட வாய் சற்று அகன்று பிறப்பது. எனினும் நம் எகரத்துக்கும் அகரத்துக்கும் இடையே தமிழில் வேறு உயிர் இல்லாமையால் குழப்பம் நேர்வதில்லை. 'பெஞ்சு', 'பென்சில்' என அவற்றை எகரமாகவே ஏற்றோம். ஆங்கிலக் குற்றொகரமோ, தாடை நன்கு இறங்கி, ஆகாரத்துக்கு அண்மையில் பிறக்கும் ஒலி. இதற்குச் சான்று நம் பேச்சிலேயே உண்டு. ஆங்கிலத்தில் ஒகர எழுத்திட்டு எழுதும் சொற்களை நாம் டாக்டர், காலேஜ், ஆபீஸ், காப்பி என்றே வழங்குகிறோம். டொக்டர் என்று தமிழகத்தில் சொல்வாரில்லை. எழுத்தைப் பாராது ஒலியைக் கேட்ட நம் முன்னோரின் செவி அதனை ஆகாரமாகவே பதிவு செய்தது. 'ரோடு', 'நோட்டு' என்பவற்றை மட்டும் ஓகாரமாகக் கொண்டது. ஆக, தமிழ் ஒகரத்துக்கு நேரான தூய குறில் அவ்வாங்கிலத்தில் இல்லை. இந்தி எழுத்திலும் இல்லை.

இப்போது மேடையில் நின்ற சிறுமிக்குத் திரும்புவோம். அவள் கையில் இருந்த ஆங்கில எழுத்து ஒரே ஒகரத்தைக் காட்டியது. 'பொதுக்குழு' என்பதில் அவள் இந்தியின் வழியே சென்றாள். அவ்வழியில் ஒகரம் கண்டவிடத்து ஓகாரமே வரும். 'பொட்டு' என்பதிலோ, அதற்குரிய ஆங்கில எழுத்துகள் பள்ளியில் படித்த ஆங்கிலச் சொல்லொன்றை நினைவூட்டின. தாடை இறங்கிப் 'பாட்டு' பிறந்தது. இரண்டும் கவனக்குறைவல்ல, இரு மொழிகளின் ஒழுங்கை அவள் சரியாகவே பின்பற்றினாள்.

இதனை அறிந்தால் திருத்தமும் எளிதாகிறது. குழந்தை தவறாக ஒலிக்கும்போது வாயைக் கவனிக்க வேண்டும். இதழ் குவிந்தே இருந்து ஒலி நீண்டால், குற்றம் மாத்திரையில். 'போட்டு, பொட்டு' என மாறிமாறிச் சொல்லச்செய்து, நெடிலுக்கு இரண்டு நொடிப்பும் குறிலுக்கு ஒரு நொடிப்புமாக விரலை நொடித்துக் காட்டினால் போதும். இதழ் தளர்ந்து தாடை இறங்கினால், குற்றம் வாயின் அமைப்பில். அப்போது நொடிப்பு பயன்படாது. முதலில் 'போ' என்று நீட்டச் சொல்லி, இதழை அப்படியே வைத்துக்கொண்டு பாதியில் நிறுத்தச் சொல்ல வேண்டும். அந்தப் பாதியே ஒகரம். இவ்வழி தமிழுக்குப் பொருந்தும். ஏனெனில் இங்கே குறில் என்பது நெடிலின் பாதியே.

நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இவ்வாறு சொல்லிக்கொடுத்ததில், அச்சிறுமி மூன்று வாரங்களில் இரண்டையும் பிரித்து ஒலித்தாள். அவளே ஒருநாள் என்னிடம், "மாமா, இங்கிலீஷ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு, நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?" என்று கேட்டாள். 1730க்கு முன் ஓலை படித்தவர் கேட்டிருக்கக் கூடிய வினா அது.

கைப்பேசியிலும் அழைப்பிதழிலும் ஆங்கில எழுத்தால் தமிழ் எழுதுகையில் நாம் புள்ளியில்லாத ஏட்டையே மீண்டும் எழுதுகிறோம். கொடியும் கோடியும் அதில் மறுபடி ஒன்றாகிவிடுகின்றன. ஊரில் வளர்ந்த நமக்கு அதனால் இடரில்லை. பழைய ஏடு படித்தவர்போல நம் செவி குறையை நிரப்பிக்கொள்ளும். நம் பிள்ளைகளின் நிலை வீரமாமுனிவர் நிலைக்கே அண்மையது. விடுபட்டதை நிரப்பும் செவி அவர்களுக்கு இன்னும் உருவாகவில்லை. சுழியும் கொம்பும் அவர்களுக்குத்தான் மிகவும் வேண்டும்.

இவ்வாண்டு விழாவின் அறிவிப்புகளை அச்சிறுமிக்குத் தமிழெழுத்திலேயே எழுதிக் கொடுத்தோம். மெல்லத்தான் படித்தாள். பொதுக்குழு பொதுக்குழுவாகவே ஒலித்தது.