சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ்: நம்பிக்கை விலையைத் திருப்புகிறதா?

விலை இறங்கி இறங்கி ஓர் எண்ணை எட்டியதும் மீண்டும் மேலேறுகிறது; அதே எண்ணில் இன்னொரு முறையும் அப்படியே நடக்கிறது. வர்த்தகர்கள் அந்த எண்ணில் ஒரு கிடைக்கோடு இழுத்து, அதை சப்போர்ட் என்கிறார்கள். ஏறிய விலை திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டு இறங்கும் எண், ரெசிஸ்டன்ஸ். கோடு வேலை செய்வதற்குக் காரணம் கேட்டால், "எல்லாரும் அந்தக் கோட்டைப் பார்க்கிறார்கள், அதனால்தான் பலிக்கிறது" என்று பலர் சொல்வார்கள். இந்தப் பதிலில் பாதி மட்டுமே சரி. விலை எந்த இடத்தில் தடுமாறும் என்பதைக் கூட்டு நம்பிக்கை தீர்மானிக்கக்கூடும். தடுமாறிய பிறகு அது எந்தப் பக்கம் போகும் என்பதை அந்த நம்பிக்கை தீர்மானிப்பதில்லை. கடந்த முக்கால் நூற்றாண்டில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த சான்றுகள் இந்த முடிவுக்கே கொண்டுசெல்கின்றன.

1948இல் அமெரிக்காவில் ராபர்ட் எட்வர்ட்ஸ், ஜான் மகீ இருவரும் எழுதிய, பங்குகளின் விலைப் போக்கு பற்றிய நூல் வெளியானது. சார்ட் பார்ப்பவர்களுக்கு அது இன்றும் அடிப்படை நூல். சப்போர்ட்டுக்கும் ரெசிஸ்டன்ஸுக்கும் அவர்கள் தந்த விளக்கத்தில் கோட்டைப் பற்றிய கூட்டு நம்பிக்கைக்கு இடமில்லை, நினைவுக்கே இடம். 50 டாலருக்குப் பங்கை வாங்கியவர், விலை 40க்கு இறங்கியதும் மாட்டிக்கொள்கிறார். போட்ட பணம் திரும்பினால் போதும் என்று காத்திருந்து, விலை 50ஐத் தொட்டதும் விற்கிறார். அவரைப் போல ஆயிரம் பேர் இருந்தால் 50 ஒரு ரெசிஸ்டன்ஸ். அவர்களில் ஒருவர்கூட சார்ட்டைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. அதே 1948இல்தான் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன், தன்னைத்தானே நிறைவேற்றிக்கொள்ளும் முன்கூற்று என்ற கருத்தை ஒரு கட்டுரையில் முன்வைத்தார். நல்ல நிலையில் இருக்கும் வங்கி திவாலாகப் போகிறது என்று வதந்தி பரவுகிறது. எல்லாரும் பணத்தை எடுக்க ஓடுகிறார்கள். வங்கி உண்மையிலேயே திவாலாகிறது. மெர்ட்டனின் இலக்கணப்படி, முன்கூற்று தொடக்கத்தில் பொய்யாக இருக்க வேண்டும். நம்பியவர்களின் செயலே அதை மெய்யாக்க வேண்டும். எட்வர்ட்ஸ், மகீ சொன்ன ரெசிஸ்டன்ஸ் இந்த இலக்கணத்துக்குள் வராது. 50இல் விற்கக் காத்திருப்பவர்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். கோடு அவர்களைக் காட்டித் தருகிறது, அவ்வளவே.

ஆனால் காலம் போகப்போக கோட்டைப் பார்ப்பவர்கள் பெருகினார்கள். 1988இல் லண்டன் அந்நியச் செலாவணிச் சந்தையில் நடந்த ஒரு கணக்கெடுப்பில், ஒரு வாரத்துக்கு உட்பட்ட கணிப்புகளுக்கு ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் சார்ட்டுக்கு ஏதோ ஓர் அளவு இடம் தருவதாகச் சொன்னார்கள். இத்தனை பேர் பார்க்கும்போது, பார்ப்பதே விலையைத் திருப்புகிறது என்ற எண்ணம் வலுப்பெற்றது இயல்பு. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தற்செயல் எண்களைக் கோத்து வரைந்தாலே பங்குச் சார்ட் போன்ற உருவங்கள் வந்துவிடும் என்று ஹாரி ராபர்ட்ஸ் 1959இலேயே காட்டியிருந்தார். விலை திரும்பிய இடத்தில் பிறகு கோடு போடுவது எவருக்கும் எளிது. சோதனை என்றால், கோடு முதலில் வர வேண்டும், விலை பின்னால் வர வேண்டும்.

அந்தச் சோதனையைச் செய்தவர் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் பணியாற்றிய பொருளியலாளர் கேரல் ஆஸ்லர். ஆறு நிறுவனங்கள் 1996 ஜனவரி முதல் 1998 மார்ச் வரை தம் வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே தந்த சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ் எண்களை அவர் எடுத்துக்கொண்டார். டாலருக்கு எதிரான ஜெர்மன் மார்க், யென், பவுண்டு விகிதங்கள் அந்த எண்களை நெருங்கியபோது திரும்பினவா, தாண்டினவா என்று கணக்கிட்டார். கூடவே, கணினி தற்செயலாகத் தேர்ந்த எண்களுக்கும் அதே கணக்கைப் போட்டார். 2000இல் வெளியான முடிவின்படி, நிறுவனங்கள் சொன்ன எண்களில் விலை சராசரியாக 100க்கு ஏறத்தாழ 61 முறை திரும்பியது. தற்செயல் எண்களில் 56 முறை. இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். வித்தியாசம் உண்மையானது, ஆனால் சிறியது. அதைவிட முக்கியம், எந்தப் பொருளும் இல்லாத ஒரு கோட்டில்கூட, அவர் வகுத்த அளவையின்படி, விலை பாதிக்கு மேற்பட்ட தடவை திரும்பியிருக்கிறது. தன் கோடு பத்தில் ஆறு முறை பலிப்பதாகப் பெருமைப்படுபவரின் பெருமையில் பெரும்பகுதி தற்செயலுக்குச் சேர வேண்டியது.

மீதியுள்ள சிறு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? அதற்கான விடை ஆஸ்லரின் 2003ஆம் ஆண்டு ஆய்வில் இருக்கிறது. ஒரு பெரிய வங்கியிடம் 1999 ஆகஸ்ட் முதல் 2000 ஏப்ரல் வரை வாடிக்கையாளர்கள் விட்டுவைத்த 9,655 ஆர்டர்களை அவர் ஆராய்ந்தார். லாபத்தை எடுத்துக்கொண்டு வெளியேறும் ஆர்டர்கள் 00 என்று முடியும் முழு எண்களிலேயே குவிந்திருந்தன. நஷ்டத்தை நிறுத்தும் ஸ்டாப் லாஸ் ஆர்டர்களோ முழு எண்ணைச் சற்றுத் தாண்டிக் குவிந்திருந்தன: வாங்கும் ஸ்டாப் அதற்குச் சற்று மேலே, விற்கும் ஸ்டாப் சற்றுக் கீழே. டாலர் 109.60 யென்னிலிருந்து ஏறி வருவதாக வைத்துக்கொள்வோம். 110.00இல் லாபம் எடுக்க விற்பவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களின் விற்பனை ஏற்றத்தைத் தடுத்து, விலை பெரும்பாலும் திரும்புகிறது. ஆனால் வாங்கும் வேகம் அந்த விற்பனையை விழுங்கிவிட்டால் விலை 110.05, 110.10 என்று நகரும். டாலர் இறங்கும் என்று முன்பு விற்றவர்களின் ஸ்டாப்கள் அங்கே வெடிக்கும். ஸ்டாப் வெடித்தால் அவர்கள் கட்டாயமாக வாங்க வேண்டும். அந்த வாங்குதல் விலையை மேலும் தள்ளி அடுத்த ஸ்டாப்பை வெடிக்கவைக்கும். ரெசிஸ்டன்ஸ் உடைந்தால் விலை பாயும் என்ற பழைய வழக்கின் இயந்திரம் இதுதான்.

இங்கே முன்கூற்று வாதம் இடறுகிறது. 110.00 என்ற ஒரே எண், திரும்பச் செய்யும் ஆர்டர்களையும் பாயச் செய்யும் ஆர்டர்களையும் அருகருகே திரட்டி வைத்திருக்கிறது. "விலை இங்கே திரும்பும்" என்ற நம்பிக்கை உடையவரே, தான் தவறினால் தப்பிக்க அடுத்த சில புள்ளிகளில் ஸ்டாப் வைக்கிறார். அதாவது அந்த நம்பிக்கை தன் தோல்விக்கான எரிபொருளையும் சேர்த்தே வைக்கிறது. மெர்ட்டனின் வங்கி வதந்தியில் செயல்கள் எல்லாம் ஒரே திசையில் போகும், இங்கே போவதில்லை.

அப்படியானால் நம்பிக்கைக்கு எந்தப் பங்கும் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. டொனால்ட்சன், கிம் இருவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், டவ் ஜோன்ஸ் குறியீட்டெண்ணுக்கு நூறின் மடங்குகள் தடைபோல் இருந்ததைக் கண்டார்கள். பொதுமக்கள் அவ்வளவாகக் கவனிக்காத வில்ஷையர் 5000 குறியீட்டெண்ணில் அத்தகைய தடை தென்படவில்லை. டவ் ஜோன்ஸின் நூறுகளுக்குப் பொருளாதார அர்த்தம் எதுவும் கிடையாது. செய்தித்தாளில் தினமும் பார்க்கப்படும் எண் என்பதே அதன் பலம். பார்வை இடத்தைக் குறிக்கிறது என்ற என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தெரியவில்லை. அதே குறியீட்டெண் 1966 பிப்ரவரியில் 1000ஐ நாளுக்குள் தொட்டும் அதற்கு மேலே முடிய முடியாமல் இறங்கியது. 1972 நவம்பரில் 1003.16இல் முடிந்து தாண்டியது. இரு முறையும் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்த எண் ஒன்றே, நடந்தது வேறு.

இன்னொரு மறுப்பும் வலுவானது: ஆர்டர்கள் குவியும் இடம் தெரிந்தால், கெட்டிக்காரர்கள் முந்திக்கொண்டு அதில் கிடைக்கும் லாபத்தை அழித்துவிட மாட்டார்களா? ஓரளவு அழிப்பார்கள், ஆஸ்லர் கண்ட வித்தியாசம் 100க்கு ஏறத்தாழ ஐந்து முறையாகச் சுருங்கியிருப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். முழுதும் அழியாததற்குக் காரணம், குவியல் முழு எண்ணருகே இருக்கும் என்று ஊகிப்பவர்களுக்கும், ஒரு குறிப்பிட்ட நாளில் 110.00இல் லாப ஆர்டர் அதிகமா, 110.05இல் ஸ்டாப் அதிகமா என்பது தெரியாததே. ஆர்டர் புத்தகம் அதை வைத்திருக்கும் வங்கிக்கே தெரியும்; அந்த வங்கியும் தன் பங்கை மட்டுமே பார்க்கிறது. சார்ட்டில் அந்தப் புத்தகத்தைப் படிக்க வழியில்லை.

ஆகவே சார்ட்டில் கோடு போடுபவர், அது விலை திரும்பும் இடம் என்று எழுதுவதை நிறுத்திவிட்டு, ஆர்டர்கள் குவியும் இடம் என்று எழுதிக்கொள்ளட்டும். ஸ்டாப் லாஸை எல்லாரும் வைக்கும் முழு எண்ணுக்கு ஒட்டிய புள்ளியிலேயே வைத்தால், பாய்ச்சலின் நடுவில் மோசமான விலைக்கு வெளியேற நேரிடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.